‘கஸ்டமர் ஓகே’ என்று எழுதினால் கதை நகராது

கேள்வி: மேடம், நான் எழுதும் சிறுகதையில் கீர்த்தனா என்ற பெண் சென்னை கால் சென்டர் ஒன்றில் டிரெய்னி, நைட் ஷிப்ட். கஸ்டமர் எத்தனை முறை கூப்பிட்டாலும், முதலில் போனை எடுத்துப் பேசும் கம்ப்யூட்டர் குரலான பாட் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறது. கீர்த்தனா அடுத்து காலை எடுப்பவருக்கு உதவும் குறிப்பை, அதாவது நல்ல ஹேண்டோவர் எழுதப் பழகுகிறாள். கடைசியில் பாட் அவள் குறிப்புகளிலிருந்தே கற்றுக்கொண்டு, சூளைமேட்டு டியூஷன் டீச்சர் ஒருவரைப் பெயர் சொல்லி வரவேற்கிறது. கால் சென்டரில் வேலை பார்த்த நண்பர் படித்துவிட்டு ‘இது நடக்காது’ என்று சிரிக்கிறார். எது நடக்காது? நிஜத்தில் ஹேண்டோவர் எப்படி இருக்கும்? நீங்கள் டிரெய்னிங்கில் இருப்பதால் கேட்கிறேன். — ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: நண்பர் சிரித்தது அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் இருக்கும். கீர்த்தனா ஆயிரம் குறிப்பு எழுதினாலும் பாட் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. ஒவ்வொரு காலும் அதற்கு ஒரு தனி செஷன், கால் வந்ததும் திறக்கும், கஸ்டமர் போனை வைத்ததும் மூடும், நடுவில் பேசியதெல்லாம் அதோடு போச்சு. ரெக்கார்டிங் வேறு எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கும்தான், ஆனால் அடுத்த முறை போன் எடுக்கும் பாட் அங்கே போய்க் கேட்டுவிட்டு வருவதில்லை. கம்பெனி பிறகு ஒருநாள் பழைய கால்களை வைத்து பாட்டைத் திருத்தலாம். அது வேறு ஒரு குழுவின் வேலை, அப்படித் திருத்திய பிறகும் சூளைமேட்டு டீச்சருக்கு என்ன ஆனது என்பது அதற்குத் தெரியாது.

அப்படியானால் அதற்கு என்னதான் தெரியும்? கால் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் சிஸ்டம் எதை எடுத்து முன்னால் வைக்கிறதோ அது மட்டும். எந்த எண்ணிலிருந்து கால் வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணை கஸ்டமர் விவரங்கள் இருக்கும் சிஆர்எம்மில் தேடி, கணக்கு கிடைத்தால் பெயர், பிளான், இன்னும் முடியாத புகார் டிக்கெட் இவற்றை எடுத்துக் கொடுக்கும். அப்படி அமைத்திருந்தால் கடைசிக் குறிப்பையும் கொடுக்கும், சில இடங்களில் அதன் முதல் சில வரிகளை மட்டும். பல இடங்களில் குறிப்பைக் கொடுப்பதே இல்லை, அது ஏஜென்ட் திரையில் மட்டும்தான் தெரியும். ஆக, பெயர் சொல்லி வரவேற்பது பெரிய விஷயமே இல்லை. எண் பொருந்தினால் முதல் நாளே சொல்லும், பொருந்தாவிட்டால் பத்தாவது காலிலும் சொல்லாது.

இந்த ‘எண் பொருந்தாவிட்டால்’ என்பதில்தான் உங்கள் கதை ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு பிராட்பேண்ட் கோளாறு, மாலையில் ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர், நெட் இல்லாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. கணக்கு கணவர் பெயரில், பதிவு எண்ணும் கணவருடையது (நம் ஊரில் பல வீட்டுக் கணக்குகள் இப்படித்தான்). டீச்சர் தன் போனிலிருந்து கூப்பிடுகிறார். பாட் அந்த எண்ணைத் தேடுகிறது, கணக்கு எதுவும் வரவில்லை, அதனால் அவர் யாரோ புது ஆள். கணக்கு எண் கேட்கும், முகவரி கேட்கும், என்ன பிரச்சினை என்று கேட்கும், அப்புறம் மோடத்தை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடச் சொல்லும். செவ்வாய்க்கிழமையும் இதே, புதனும் இதே, வியாழனும் இதே.

மோடம் பக்கம் கொஞ்சம் போவோம், இந்த விவரம் இல்லாமல் எழுதினால் கதை வெறும் புலம்பலாகிவிடும். ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கோ அறுந்திருக்கும், அல்லது ரொம்ப வளைந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும். மோடத்தை ஒருமுறை அணைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்குப் பிறகும் சிவப்பு போகவில்லை என்றால் நூறு முறை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆள்தான் வர வேண்டும். அதுவும் அறுந்த ஃபைபரை ஒட்டும் மெஷினோடு வர வேண்டும், வெறும் கையோடு வருகிற டெக்னீஷியன் விளக்கைப் பார்த்துவிட்டு ‘கேபிள் கட் மேடம், வேற டீம் வரும்’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்போது கீர்த்தனா. முதல் கால் செவ்வாய்க்கிழமை அவளுக்கே வந்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லா டிரெய்னியும் எழுதுவது போல எழுதினாள்:

“கஸ்டமர் கால் பண்ணார். நெட் இஷ்யூ. டிரபிள்ஷூட்டிங் செய்தாச்சு. நாளை டெக்னீஷியன் வருவார் என்று சொல்லியாச்சு. கஸ்டமர் ஓகே.”

(நிஜத்தில் ஃப்ளோரில் இதைப் பாதி ஆங்கிலச் சுருக்கெழுத்தில் தட்டுவார்கள். கதையில் தமிழிலேயே கொடுங்கள், வாசகருக்குப் புரிந்தால் போதும்.)

இதில் பொய் எதுவும் இல்லை, ஆடிட்டில் மதிப்பெண்ணும் கிடைக்கும், ஆனால் அடுத்து எடுப்பவருக்கு ஒரு வரிகூட உதவாது. என்ன டிரபிள்ஷூட்டிங், அதில் என்ன தெரிந்தது, எல்ஓஎஸ் சிவப்பா பச்சையா? ‘நாளை’ என்றால் எந்த நாள்? வருவார் என்று சொன்னது யார், ஃபீல்டு டீம் ஒத்துக்கொண்டதா, அல்லது கஸ்டமர் போனை வைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னதா? ‘கஸ்டமர் ஓகே’ என்பது கால்களைத் தணிக்கை செய்யும் குவாலிட்டிக்காரர்களுக்கு எழுதியது. பெரும்பாலான குறிப்புகள் அப்படித்தான், நாளைக்கு யாராவது கேட்டால் நான் என் வேலையைச் செய்தேன் என்று காட்டுவதற்காக எழுதப்படுகின்றன. கஸ்டமரை அடுத்து சந்திக்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எழுதுபவர் மனதில் இருக்காது. டிரெய்னிங்கில் நான் மாற்றப் பார்ப்பதே இந்த ஒன்றைத்தான், சொல்லிப் புரிய வைப்பது சுலபமில்லை.

சொல்லிப் புரியாது, பட்டால்தான் புரியும். அதனால் உங்கள் கதையில் டிரெய்னர் வந்து பாடம் நடத்தும் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை அந்த டீச்சரின் மூன்றாவது காலும் கீர்த்தனாவுக்கே வரட்டும். பெரிய ஃப்ளோரில் ஒரே ஏஜென்ட்டுக்கு மறுபடி போவது அபூர்வம், ஆனால் நடக்காத விஷயமில்லை. திரையில் தன் ஐடி போட்ட தன் குறிப்பு. ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை, நடுவில் எத்தனையோ கால் எடுத்திருப்பாள். அதே குறிப்புக்குக் கீழே டெக்னீஷியன் போட்ட வரி: புதன் காலை 11 மணி, கதவு பூட்டியிருந்தது. டீச்சரோ நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவே இல்லை என்று கத்துகிறார். பாட்டுக்கு ஞாபகம் இல்லை என்று இத்தனை நாள் அலுத்துக்கொண்டவளுக்கு, தனக்கும் இல்லை என்பது அங்கே தெரியட்டும், அதை நீங்கள் ஒரு வாக்கியத்தில்கூட எடுத்துச் சொல்ல வேண்டாம், திரையைக் காட்டினால் போதும்.

அடுத்து அவள் கண்டுபிடிப்பது. பாட் ஏன் ஒவ்வொரு முறையும் இவரை அடையாளம் காணவில்லை என்று பார்க்கப் போய், கூப்பிடும் எண்ணும் பதிவு எண்ணும் வேறு என்று தெரிகிறது. டெக்னீஷியன் யார் எண்ணுக்குக் கூப்பிட்டிருப்பார்? பதிவு எண்ணுக்குத்தான். கணவர் பகலில் போன் எடுக்க முடியாத வேலையில் இருக்கிறார். அபார்ட்மென்ட் கேட்டில் நின்று இரண்டு முறை கூப்பிட்டு, பதில் இல்லாமல், ‘கதவு பூட்டு’ என்று போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். பாட் திரும்பத் திரும்ப ஆரம்பிப்பதற்கும் டெக்னீஷியன் வராமல் போனதற்கும் ஒரே காரணம். இதை வாசகர் கீர்த்தனாவுக்கு அரை நொடி முன்னால் பிடித்துவிட்டால் உங்களுக்கு வெற்றி.

மாற்று எண்ணை உடனே கணக்கில் சேர்த்துவிடலாம் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பதிவு எண்ணிலிருந்து ஒப்புதல் வேண்டும், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் கணக்கிலும் தன் எண்ணைச் சேர்த்துவிடலாம் அல்லவா. கணவர் மாலையில்தான் செய்ய முடியும். அவளால் இப்போது செய்ய முடிந்தது, இந்த டிக்கெட்டுக்கு மட்டும் தொடர்பு எண் என்று டீச்சரின் எண்ணைப் போடுவது. அப்புறம் கஸ்டமரை ஹோல்டில் வைத்து, டெக்னீஷியன்களை அனுப்பும் ஃபீல்டு டெஸ்க்கில் பேசி ஒரு நேரம் வாங்குவது. அப்புறம்தான் குறிப்பு. நான் அவள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

“மோடத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டாம். 11ஆம் தேதியிலிருந்து மூன்று முறை செய்தாச்சு, எல்ஓஎஸ் இன்னும் சிவப்பு. 12ஆம் தேதி காலை 11 மணிக்கு டெக்னீஷியன் ‘கதவு பூட்டு’ என்று போட்டிருக்கிறார். வீட்டில்தான் இருந்ததாகக் கஸ்டமர் சொல்கிறார். பதிவு எண் கணவருடையது, டெக்னீஷியன் அதற்குக் கூப்பிட்டிருக்கலாம், இது என் ஊகம். நெட் போன 11ஆம் தேதி தெருவில் வடிகால் தோண்டியதாகக் கஸ்டமர் சொன்னார், சரிபார்க்கவில்லை. 14ஆம் தேதி வெள்ளி மதியம் 1 மணிக்குள் ஒட்டும் மெஷினோடு ஆள் வருவதாக ஃபீல்டு டெஸ்க் ஒத்துக்கொண்டது. டிக்கெட்டில் உள்ள தொடர்பு எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல் கஸ்டமர் கூப்பிட்டால் நேராக ஃபீல்டு டெஸ்க்குக்கு மாற்றவும்.”

முதல் வரி எதுவென்று பாருங்கள். நடந்த கதை ஆரம்பத்திலிருந்து வரவில்லை, அடுத்தவர் செய்யக்கூடாதது முதலில் வந்திருக்கிறது. குறிப்பின் தலைப்பகுதி மட்டும் பாட் முன்னால் போகும் இடங்களில் இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தாலே டீச்சருக்குப் பாதி நிம்மதி. போகாத இடத்தில், பாட்டைத் தாண்டி வந்ததும் எடுக்கும் ஏஜென்ட்டாவது மறுபடி மோடத்தை அணைக்கச் சொல்ல மாட்டார். அப்புறம் தேதிகள். ‘நாளை’, ‘நேற்று’, ‘அவர்’ இதெல்லாம் எழுதும் நிமிடத்தில்தான் அர்த்தமுள்ளவை, இரண்டு நாள் கழித்துப் படிப்பவருக்கு எந்த நாளை, எந்த அவர்?

கஸ்டமர் சொன்னது, நான் பார்த்தது, என் ஊகம் என்று பிரித்து எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. குறிப்பில் இருப்பதை பாட் சந்தேகிக்காது. ‘வடிகால் தோண்டியதில் கேபிள் அறுந்தது’ என்று கீர்த்தனா உறுதியாக எழுதிவிட்டால் அடுத்த காலில் பாட் அதையே உண்மையாகக் கஸ்டமரிடம் சொல்லும், அடுத்த ஏஜென்ட்டும் சொல்வார், டெக்னீஷியன் தெருவில் தேடிக்கொண்டிருப்பார், கேபிள் மொட்டை மாடியில் எலி கடித்துக் கிடக்கும். தப்பான குறிப்பு ஒன்றுமே எழுதாததைவிட மோசம், ஏனென்றால் எழுதாவிட்டால் அடுத்தவர் ஒருமுறை கேட்டாவது தெரிந்துகொள்வார். கீர்த்தனா நடுவில் ஒருமுறை இப்படி மாட்டிக்கொள்ளட்டும், கதைக்கு நல்லது. அதே மாதிரி ‘கோபக்காரர்’, ‘சண்டை போடுகிறார்’ என்றெல்லாம் எழுதுவது. ஏஜென்ட் திரையில் மட்டும் இருந்த காலத்தில் அது உள்ளுக்குள்ளேயே சிரித்துவிட்டுப் போகிற விஷயம், இப்போது குறிப்பைப் படித்துப் பேசும் ஒன்று நடுவில் இருக்கிறது, அது எதைக் கஸ்டமர் காதில் போடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓடிபி, கார்டு எண் எழுதவே கூடாது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டே சுருக்கம் எழுதித் தராதா என்று கேட்பார்கள், கதையிலும் யாராவது கேட்கலாம். பல இடங்களில் இப்போது தருகிறது, நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் காலில் பேசப்பட்டதை மட்டும்தான் அது சுருக்க முடியும். கஸ்டமரை ஹோல்டில் போட்டு ஃபீல்டு டெஸ்க்கில் கீர்த்தனா வாங்கிய நேரம், வேறு திரையில் அவள் பார்த்த ‘கதவு பூட்டு’, இரண்டையும் சேர்த்து அவளுக்குத் தோன்றிய ஊகம், இதெல்லாம் அந்த உரையாடலில் இல்லவே இல்லை.

இனி கதையின் முடிச்சு. உங்களுக்கு வில்லன் பாட் வேண்டாம், ஏஹெச்டி போதும். ஒரு காலுக்கு சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு அது, பேசிய நேரம், ஹோல்டில் வைத்த நேரம், கால் முடிந்த பிறகு குறிப்பு எழுதும் நேரம் மூன்றையும் சேர்த்துத்தான் போடுவார்கள். மேலே உள்ள குறிப்பை எழுத இரண்டு நிமிடமாவது ஆகும், அந்த எழுதும் நேரத்துக்கு, அதாவது ராப்-அப்புக்கு, முப்பது நொடிதான் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நாளுக்கு நாற்பது காலிலும் இப்படி எழுதினால் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கீர்த்தனாவின் கணக்கில் ஏறும். அதனால் மிச்சமாகும் நேரமோ வெள்ளிக்கிழமை டீச்சரின் போனை எடுக்கப்போகும் யாரோ ஒருவரின் கணக்கில் இறங்கும், அவர் பெயர்கூட இவளுக்குத் தெரியாது. டீம் லீட் கெட்டவர் இல்லை, அவர் முன்னால் இருக்கும் ஷீட்டில் கீர்த்தனாவின் கட்டம் மட்டும் சிவப்பு. அவர் கூப்பிட்டுப் பேசும் காட்சியை எழுதுங்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்படி.

இதிலிருந்து அவள் வெளியே வரும் வழியும் நிஜத்தில் உண்டு. எல்லாக் காலுக்கும் ஹேண்டோவர் தேவையில்லை. பில் தொகை கேட்டார், சொன்னேன், முடிந்தது, அதற்கு ஒரு வரி. திரும்பி வரப்போகும் கால் எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் உண்மையில் கற்றுக்கொள்ளும் விஷயம். ஒரு வாக்கு கொடுத்திருந்தால் திரும்பி வரும், வேறு ஒருவர் கை வைத்தால்தான் முடியும் என்றால் திரும்பி வரும், ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டவர் என்றால் கண்டிப்பாக வரும். நாற்பதில் அப்படி ஏழெட்டுதான் தேறும். அவற்றையும் போனை வைத்த பிறகு எழுதத் தேவையில்லை. டீச்சர் மோடம் பக்கத்துக்கு நடந்து போகும் நேரம், ஃபீல்டு டெஸ்க் லைனில் ஹோல்ட் இசை ஓடும் நேரம், எல்லாம் தட்டச்சு செய்யலாம். கடைசியில் எழுதியதைக் கஸ்டமருக்கே வாசித்துக் காட்டலாம்: “மேடம், நான் இப்படி எழுதியிருக்கேன், சரியா பாருங்க.” இது நல்ல ஏஜென்ட்கள் தாங்களாகவே கண்டுபிடித்துச் செய்வது. டீச்சர் அந்த இடத்தில் திருத்துவார், “பதினொண்ணாம் தேதி இல்லம்மா, பத்தாம் தேதி ராத்திரியே போயிடுச்சு” என்று. வடிகால் தோண்டியது பதினொன்றாம் தேதி காலையில். அப்போது வடிகால்தான் காரணமோ என்ற சந்தேகமும் விழுந்துவிடும், குறிப்பு இன்னும் சரியாகும்.

கடைசிக் காட்சிக்கு பாட் வரவேற்பு வேண்டாம் என்றால் என்ன வைப்பது? வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி, ஆள் வரவில்லை, டீச்சர் மறுபடி கூப்பிடுகிறார், பாட் மறுபடி முதலிலிருந்து கேட்கிறது (கணவர் இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை), பாட்டைத் தாண்டி கால் வேறு ஏஜென்ட்டுக்குப் போகிறது. கீர்த்தனா அப்போது சாப்பாட்டு இடைவேளையில் இருக்கட்டும், அந்தக் காலைப் பற்றி அவளுக்குத் தெரியவே வேண்டாம். அந்த ஏஜென்ட் குறிப்பைப் படித்துவிட்டு எந்தக் கேள்வியும் கேட்காமல், ஃபீல்டு டெஸ்க்குக்கு மாற்றுகிறேன் என்று மட்டும் சொல்கிறார். டீச்சர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை.

இன்னொன்று, சின்னத் திருத்தம்தான். கீர்த்தனாவுக்கு நைட் ஷிப்ட் போட்டிருக்கிறீர்கள். சூளைமேட்டுக் கஸ்டமரிடம் தமிழில் பேசும் டொமெஸ்டிக் பிராசஸில் கூட்டம் பகலில்தான், டிரெய்னிகளைப் பெரும்பாலும் பகல் ஷிப்டில்தான் போடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு ஓஎம்ஆரில் கேப் ஏறுவதெல்லாம் வெளிநாட்டு பிராசஸ் கதை. அந்த கேப் காட்சி உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தால் வேறு கதைக்கு எடுத்து வையுங்கள், இதில் அவள் மாலையில் சிறுசேரியிலிருந்து பஸ் பிடித்து நெரிசலில் வரட்டும்.